கடைசிப் பக்கத்துச் சீட்டு

என் மகளின் வாசிப்புப் பதிவேட்டை நான் முதன்முதலாகக் கவனித்துப் பார்த்தது சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்கு. அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் கவனித்ததில்லை.

பள்ளியில் கொடுத்த தாள் அது. நாள், நூலின் பெயர், பக்கங்கள், நிமிடங்கள், பெற்றோர் கையொப்பம் என்று ஐந்து கட்டங்கள். தினமும் இருபது நிமிடம் வாசிக்க வேண்டும், வாசித்ததை எழுத வேண்டும், திங்கட்கிழமை காட்ட வேண்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை. அந்த இரவில் அவள் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆறு நாள்களையும் ஒரே மூச்சில் எழுதிக்கொண்டிருந்தாள். ஆறு வரிக்கும் ஒரே நீலப் பேனா, ஒரே சாய்வு, ஒரே அவசரம். நிமிடங்கள் என்ற கட்டத்தில் ஆறு இடத்திலும் 20. எந்தப் பிள்ளையாவது ஆறு நாளும் மிகச் சரியாக இருபது நிமிடம் வாசிக்குமா? பால் காய்ச்சும்போதுகூட நமக்கு அப்படி அமைவதில்லை.

கோபம் வந்தது. ஆனால் வலப்பக்கம் பார்த்தால் என் கையெழுத்து. போன வாரத்து ஆறு கையெழுத்துகளும் ஒரே பச்சைப் பேனாவில், ஒரே சாய்வில், ஒரே அவசரத்தில். நானும் ஞாயிற்றுக்கிழமை இரவுக்காரன்தான். பொய்க்கணக்கு எழுதிய பிள்ளையும், அதைத் தணிக்கை செய்து ஒப்பமிட்ட தகப்பனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பேசாமல் கையெழுத்துப் போட்டேன்.

இத்தனைக்கும் அவள் வாசிக்காத பிள்ளை இல்லை. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நாங்கள் பார்க்காதபோது நிமிர்த்துகிற பிள்ளை. அன்றைய வாரத்தில் அவள் உண்மையாகவே மூன்று புத்தகம் வாசித்திருந்தாள். தாளில் இருந்தவை வேறு மூன்று. ஏன் என்று கேட்டதற்கு, "அந்தப் பேர் எல்லாம் சின்னதாக இருக்கிறது அப்பா, எழுதுவது சுலபம்" என்றாள்.

எங்கள் வீட்டில் நடந்த அடுத்த கோளாறுக்கு என் அப்பா பொறுப்பு. பேத்தி வாசிப்பதைப் பார்த்துப் பூரித்துப்போய், ஒரு புத்தகத்துக்குப் பத்து ரூபாய் என்று அறிவித்துவிட்டார். முதல் நாள் மாலையே அறுபது ரூபாய் கொடுக்க வேண்டியதாயிற்று. தன் தம்பியின் அலமாரியில் இருந்த பிரதம் புக்ஸ் முதல்நிலைக் கதைகளை, அதாவது பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி மட்டும் இருக்கிற படப்புத்தகங்களை, ஆறு எடுத்து வரிசையாக முடித்திருந்தாள். பாதியில் வைத்திருந்த தொண்ணூற்றாறு பக்கக் கதை தலையணைக்குக் கீழே கிடந்தது. அதையும் முடித்தால் அதே பத்து ரூபாய்தானே? கணக்கில் அவள் கெட்டி. தாத்தா நான்காம் நாள் திட்டத்தை நிறுத்தியபோது, அவள் சின்னப் புத்தகங்களையும் நிறுத்திவிட்டாள், பெரிய புத்தகத்துக்கும் திரும்பவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 1973-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஓர் ஆய்வு உளவியல் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள். சிலரிடம், "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு எதிர்பாராமல் கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றுமே இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, யாரும் எதுவும் சொல்லாமல் பேனாக்களை மேசையில் வைத்துப் பார்த்தபோது, முன்கூட்டியே பரிசு சொல்லப்பட்ட பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை. கெடுத்தது பரிசு இல்லை, பேரம்.

வாசிப்புப் பதிவேட்டையே எடுத்துக்கொண்டு 2012-இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வு இருக்கிறது. இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பாதிக்குப் பதிவேடு கட்டாயம், மறுபாதிக்கு விருப்பம் இருந்தால் எழுதலாம். கட்டாயப் பிள்ளைகளுக்கு வாசிப்பில் ஆர்வம் குறைந்தது. விருப்பப் பிள்ளைகளுக்குக் கூடியது. அதே பதிவேடுதான், அதே கட்டங்கள்தான்.

எனக்குப் பதிவேடே வேண்டாம் என்று விட்டுவிடவும் மனமில்லை. பிள்ளைகள் என்ன வாசிக்கிறார்கள், எதைத் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள், எங்கே விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்குத் தெரிய வேண்டும். அடுத்த புத்தகம் வாங்குவதற்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. பத்து வருடம் கழித்து அவர்களுக்கே அதைப் பார்க்க ஆசை வரும். ஆனால் எழுதுவது அவர்களாக இருக்க வேண்டும், நான் நினைவூட்டக் கூடாது. இதற்கு வழி எது என்று தெரியாமல் இரண்டு வாரம் சும்மா இருந்தேன்.

வழியைக் காட்டியது சின்னவன். அப்போது அவனுக்கு ஐந்து வயது.

எங்கள் பகுதிக் கிளை நூலகத்திலிருந்து எடுத்து வந்த ஒரு பழைய கதைப்புத்தகம். அவன் எப்போதும் புத்தகத்தைப் பின்னாலிருந்து திறப்பவன். கடைசி அட்டையின் உட்புறம் ஒட்டியிருந்த தவணைச் சீட்டைப் பார்த்தான். ஊதா மையில் வரிசையாகத் தேதி முத்திரைகள். சில நேராக, சில கோணலாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு சில. இது என்ன என்று கேட்டான். இந்தப் புத்தகத்தை யார் யாரோ எடுத்துப் போனார்களே, அவர்கள் திருப்பித் தர வேண்டிய நாள்கள் என்றேன். அவன் விரலை வைத்து ஒவ்வொன்றாக இறங்கினான். ஓர் இடத்தில் நிறுத்தி, இங்கே ஏன் மூன்று ஒட்டி ஒட்டி இருக்கிறது என்று கேட்டான். பார்த்தேன். 1998-இல் இரண்டிரண்டு வார இடைவெளியில் மூன்று முத்திரைகள். ஒருவரே புதுப்பித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். அதற்குக் கீழே நாலு வருடம் யாரும் இல்லை. "பாவம், இது நாலு வருஷம் தனியாக இருந்திருக்கிறது" என்றான், புத்தகத்தைப் பற்றி.

அந்தச் சீட்டில் வெற்றுக் கட்டம் ஒன்றுகூட இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாலு வருடம் யாரும் எடுக்காவிட்டாலும் அடுத்த முத்திரை அடுத்த வரியில்தான் விழுகிறது. பள்ளித் தாளில் அப்படி இல்லை. செவ்வாய், புதன், வியாழன் என்று நாள்கள் முன்கூட்டியே அச்சாகி, நிரப்பு நிரப்பு என்று வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன. வாசிக்காத நாள் ஓட்டையாகத் தெரிகிறது. ஓட்டையை அடைக்கத்தான் ஞாயிற்றுக்கிழமைப் பொய்.

இரண்டாவது வேறுபாடு இன்னும் பெரியது. பள்ளித் தாள் பிள்ளையைப் பற்றிய கணக்கு. நூலகச் சீட்டு புத்தகத்தைப் பற்றிய கணக்கு. கணக்கு யார்மேல் எழுதப்படுகிறதோ அவர்தான் கூண்டில் நிற்கிறார். பிள்ளையை இறக்கிவிட்டுப் புத்தகத்தை ஏற்றிவிட்டால் என்ன?

அந்த வாரமே எழுதுபொருள் கடையில் ஒரு தேதி முத்திரையும் ஊதா ஸ்டாம்ப் பேடும் வாங்கினேன். நாள், மாதம், ஆண்டு மூன்றையும் பக்கத்துச் சக்கரத்தால் திருகி மாற்றுகிற சாதாரண முத்திரை. அழுத்தினால் தானே மை பூசிக்கொள்ளும் விலை கூடிய வகையும் இருந்தது. வேண்டாம் என்று வந்துவிட்டேன். அது நல்ல முடிவு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சீட்டு செய்வது பத்து நிமிட வேலை. ஓர் ஏ4 தாளை மூன்று முறை பாதி பாதியாக மடித்து வெட்டினால் எட்டுத் துண்டு வரும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஏழரை சென்டிமீட்டர் அகலம், பத்தரை சென்டிமீட்டர் உயரம். மேலே இரண்டரை சென்டிமீட்டர் விட்டுவிட்டு, கீழே ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் எட்டு வரி. வரி இதற்கும் குறுகினால் ஐந்து வயதுக் கைக்கு எழுத்து அடங்காது, கோட்டைத் தாண்டும், தாண்டினால் அழுகை. மூன்று பத்திகள்: இடப்பக்கம் முத்திரைக்கு, நடுவில் யார் என்பதற்கு ஓர் எழுத்து, வலப்பக்கம் எதுவும் அச்சிடாமல் காலியாக. கடைசி அட்டையின் உட்புறத்தில் மேல் ஓரத்தை மட்டும் ஒட்ட வேண்டும். முழுவதும் ஒட்டினால் அட்டை சுருங்கும். நிரம்பிய சீட்டின்மேல் அடுத்த சீட்டை ஒட்டி அடியில் உள்ளதைத் தூக்கிப் பார்க்கவும் முடியாது. மைதாப் பசை வேண்டாம். அந்தக் காலத்து பைண்டர்கள் அதில் மயில்துத்தம் கலந்ததற்குக் காரணம் இருந்தது. கலக்காவிட்டால் பூச்சிக்கு விருந்து, கலந்தால் பிள்ளைகள் கை வைக்கிற இடத்தில் விஷம். குச்சிப்பசை போதும்.

வீட்டில் பிள்ளைகளின் புத்தகங்கள் நூற்றுக்கும் மேல். எல்லாவற்றிலும் நான் ஒட்டவில்லை. நாலே நாலு புத்தகத்தில் ஒட்டிவிட்டு, மீதிச் சீட்டுகளையும் பசையையும் முத்திரையையும் ஒரு பிஸ்கெட் டப்பாவில் போட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தேன். எதற்கு என்றும் சொல்லவில்லை. சின்னவனுக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. அன்று மாலையே அவன் நூலகர் ஆகிவிட்டான்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. பெரிய நூலகங்களுக்கு எழுதிய விதி என்றாலும் எங்கள் பிஸ்கெட் டப்பாவுக்கும் அதுதான் அளவுகோல். மை தொட்டு, முத்திரை குத்தி, ஓர் எழுத்து எழுதி மூடுவதற்கு அரை நிமிடம். புத்தகத்தின் பெயரை எழுத வேண்டியதில்லை, சீட்டு புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது. பக்கமும் நிமிடமும் இல்லை. எழுதவே தெரியாத பிள்ளையும் முத்திரை குத்தலாம். வாசித்து முடித்த கை, புத்தகத்தை அலமாரியில் வைப்பதற்கு முன் பின்னட்டையைத் திறக்கிறது, அவ்வளவுதான். வேறு நோட்டைத் தேடிப் போக வேண்டியிருந்தால், தேடிப் போகிற தூரத்திலேயே இந்தப் பழக்கம் செத்திருக்கும்.

வலப்பக்கத்துக் காலிப் பத்தியில் என்ன வரும் என்று பார்க்க எனக்கு ஆவல். சின்னவன் படம் வரைந்தான். கதையில் எது வந்ததோ அது இல்லை, எது அவனுக்குப் பிடித்ததோ அது. யானைக் கதையின் சீட்டில் ஆறு முறை செருப்பு வரைந்திருக்கிறான். எந்தச் செருப்பு என்று புத்தகத்தைத் தேடினால், நான்காம் பக்கத்தில் பாகன் வீட்டு வாசலில், சுண்டுவிரல் நகத்தளவு, ஒரு ஜோடி கிடக்கிறது.

பெரியவள் சில நாள் ஒன்றும் எழுதவில்லை. பிறகு ஒரு புத்தகத்தில் "நி 14" என்று கண்டேன். தொண்ணூற்றாறு பக்கக் கதை, தாத்தாவின் பத்து ரூபாய்க்குப் பலியான அதே புத்தகம். நி என்றால் நிறுத்தம் என்றாள். பதினான்காம் பக்கத்தில் நிறுத்தம். பஸ் நிறுத்தம் போல. இறங்கிவிட்டேன், வேண்டுமானால் மறுபடி அதே இடத்தில் ஏறிக்கொள்வேன். இதை நான் சொல்லிக் கொடுத்திருந்தால் நிச்சயம் இப்படி ஒரு நல்ல சொல்லைத் தேர்ந்திருக்க மாட்டேன். 'முடிக்கவில்லை' என்று ஏதோ எழுதியிருப்பேன், அது குற்றப்பத்திரிகை மாதிரி இருந்திருக்கும்.

அந்த ஒரு சீட்டை முழுவதும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பதிவேடு எதற்கு என்பது எனக்கே அதில்தான் விளங்கியது. முதல் முத்திரை ஜூலை 6, நி 14. ஏன் என்று அவளைக் கேட்கவில்லை. பதினான்காம் பக்கத்தை எடுத்து வாசித்துப் பார்த்தேன். இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கம். ஊர்த் திருவிழா. ஒரே பக்கத்தில் எட்டுப் பேரின் பெயர் வருகிறது, யார் யாருக்கு என்ன உறவு என்ற விவரத்தோடு. நானே இரண்டு முறை வாசிக்க வேண்டியிருந்தது. அன்றிரவு தூங்கப் போகும்போது அந்த அத்தியாயத்தை மட்டும் சத்தமாக வாசித்துக் காட்டினேன், எட்டுப் பேருக்கும் எட்டுக் குரல் கொடுத்து. இரண்டு நாளில் புத்தகம் அவள் கைக்குத் திரும்பியது.

இரண்டாவது முத்திரை ஆகஸ்ட் 17, நி 31. இதையும் எடுத்துப் பார்த்தேன். சொற்கள் எளிமை, சின்னச் சின்ன வாக்கியங்கள், தடுக்க ஒன்றுமில்லை. ஆனால் முப்பத்தோராம் பக்கத்தின் கடைசி வரியில், பையன் வளர்த்த ஆட்டை வாங்க வியாபாரி வந்து நிற்கிறார். சலிப்பினால் இறங்கவில்லை, பயத்தினால் இறங்கியிருக்கிறாள். பக்கத்தைத் திருப்பாமல் இருந்தால் ஆடு இன்னும் கொல்லையில்தானே நிற்கிறது? இந்த முறை நான் ஒன்றும் செய்யவில்லை. அடுத்து என்ன நடக்கிறது என்று சொல்லவும் இல்லை. அவள் கேட்கவும் இல்லை.

மூன்றாவது முத்திரை அக்டோபர் 2, காலாண்டு விடுமுறையில். வலப்பத்தியில் "முடிந்தது". நான்காவது அக்டோபர் 3. மறுபடியும் "முடிந்தது". ஒரே நாளில் முழுப் புத்தகத்தையும் திரும்ப வாசித்திருக்கிறாள். பள்ளித் தாளாக இருந்தால் ஜூலையில் '14 பக்கம், 20 நிமிடம்' என்று ஒரு வரி விழுந்திருக்கும். மூன்று மாதம் ஒரு பிள்ளைக்கும் ஓர் ஆட்டுக்கும் இடையே நடந்ததை நான் அறிந்திருக்க வாய்ப்பே இல்லை.

இனி, கெட்டுப்போனவற்றைச் சொல்ல வேண்டும். முதல் வாரத்திலேயே சின்னவன் வாசிக்காமல் முத்திரை குத்த ஆரம்பித்தான். ஒரு படப்புத்தகத்தின் எட்டு வரியும் ஒரே மாலையில் நிரம்பிவிட்டது. எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், முதல் முத்திரை கறுப்பாக, அடுத்தது ஊதாவாக, மூன்றாவது இளம் ஊதாவாக, கடைசியில் நிழல் மாதிரி. ஒரே ஒரு முறை மை தொட்டு வரிசையாகக் குத்தினால்தான் அப்படி வெளுத்துக்கொண்டே போகும். வெவ்வேறு நாளில் குத்தியவை எல்லாம் ஏறத்தாழ ஒரே கருமையோடு இருக்கும். தானே மை பூசிக்கொள்ளும் முத்திரையில் இந்தத் தடயம் கிடைக்காது என்பதால்தான் அதை வாங்காமல் வந்ததை நல்ல முடிவு என்றேன். ஆனால் தடயம் கிடைத்ததும் நான் போலீஸ்காரனாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவின் பச்சைப் பேனா நினைவுக்கு வந்தது. இங்கே பொய் சொல்லி அவன் சம்பாதிப்பது ஒன்றுமில்லை. முத்திரை குத்துவது சுகமாக இருக்கிறது, குத்துகிறான். ஒரு பழைய செய்தித்தாளை டப்பாவில் போட்டு, விளையாட்டுக்கு இதில் குத்து என்றேன். சோபாவின் உறையிலும் ஜூலை 9 இரண்டு இடத்தில் இருக்கிறது. நாலைந்து நாளில் ஆசை அடங்கியது.

அக்டோபரில் ஒரு வாரம் முழுவதும் எல்லாப் புத்தகங்களிலும் அக்டோபர் 12 என்றே விழுந்தது. சக்கரத்தைத் திருக மறந்துவிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பெரியவள் கண்டுபிடித்து, தம்பியை ஒரு பாட்டம் திட்டிவிட்டு, அன்றுமுதல் காலையில் பல் துலக்கியதும் நாளைத் திருகும் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். தவறான தேதிகள் அப்படியே இருக்கின்றன. இருந்தால் என்ன?

மிகப் பெரிய கேடு என்னால் வந்தது. செருப்புப் படங்கள் நிறைந்த சீட்டையும், பக்கத்தில் பெரியவளின் சீட்டுகளையும் படம் பிடித்து உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பெருமைதான், வேறென்ன? பாராட்டு குவிந்தது. ஒரு சித்தப்பா மாலையில் தொலைபேசியில் கூப்பிட்டு, "அக்கா எத்தனை முடித்தாள், தம்பி எத்தனை?" என்று கேட்டுவிட்டார். சின்னவன் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தான். மறுநாளிலிருந்து இரண்டு வாரம் அவன் முத்திரையைத் தொடவில்லை. வாசிப்பதை நிறுத்தவில்லை, பதிவதை மட்டும் நிறுத்திவிட்டான். புத்தகத்தின்மேல் இருந்த கணக்கை ஒரு கேள்வியில் மறுபடி பிள்ளையின் தலைக்கு மாற்றிவிட்டோம். அதற்குப் பிறகு படம் எடுப்பதில்லை, எண்ணுவதில்லை, கதையின் நீதி என்ன என்று யாரையும் கேட்க விடுவதும் இல்லை. பிள்ளை "யனை" என்று எழுதியிருந்தால் யனைதான். துணைக்காலை ஒட்டப் பள்ளிக்கூடம் இருக்கிறது.

சீட்டு முறைக்கு ஓர் எல்லை உண்டு. நூலகப் புத்தகத்தில் நம் சீட்டை ஒட்ட முடியாது. இரவல் புத்தகம், துளிர் போன்ற மாத இதழ்கள், பள்ளியிலிருந்து கொண்டுவருகிற சின்ன வாசிப்புப் புத்தகங்கள் எல்லாம் கணக்குக்கு வெளியே நின்றன. இதற்கு வழி கண்டது என் அம்மா, அதுவும் சண்டையின் வழியாக.

எங்கள் வீட்டுக் கூடத்தில் தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர் தொங்குகிறது. பெரியவளுக்கு ஒரு யோசனை: அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே, அதில் நூலகப் புத்தகத்தின் பெயரை எழுதிவிட்டால் முத்திரைகூட வேண்டாம், தேதிதான் முன்பக்கம் கொட்டை எழுத்தில் இருக்கிறதே. நல்ல யோசனைதான். ஆனால் இரவு எட்டு மணிக்கே அன்றைய தாளைக் கிழித்துவிட்டாள். அப்பத்தா வந்து பார்த்தால் காலண்டரில் நாளை. "இன்றைய நாள் முடிவதற்குள் யார் கிழித்தது? நாளைய ராகு காலத்தை நாளைக்குப் பார்க்க எனக்குத் தெரியாதா?" என்று ஆரம்பித்தவர், கடைசியில் தீர்ப்புச் சொன்னார்: கிழிக்கிறது காலையில், கிழித்த நேற்றைய தாள் பிள்ளைகளுக்கு.

அதனால் இப்போது முதல் நாள் வாசித்ததை மறுநாள் காலையில்தான் எழுதுகிறார்கள். இது தடங்கல் என்று நினைத்தேன். நடந்தது வேறு. இரவில் உடனே எழுதச் சொன்னால் பிள்ளை கதையை ஒப்பிக்கும். ஒரு தூக்கம் தூங்கி எழுந்த பிறகு மனத்தில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருக்கும், தாளிலும் ஒன்றுக்குத்தான் இடம். பெரியவள் ஒருநாள் நூலின் பெயரை எழுதி, கீழே "அந்தப் பாட்டி கதவைச் சாத்தவே இல்லை" என்று மட்டும் எழுதியிருந்தாள். அந்தக் கதையை நானும் வாசித்திருக்கிறேன். கதவை நான் கவனித்திருக்கவில்லை. சின்னவனுடைய தாள் ஒன்றில் வெறும் நீலம். கிரேயானால் தாள் முழுவதும் நீலம், மூலையில் ஒரு புள்ளி. கடல் புத்தகம் என்று அக்காள் பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். புள்ளி யார் என்று தெரியவில்லை, கேட்கவும் இல்லை.

வாசிக்காத நாளின் தாள் வழக்கம்போல மளிகைச் சீட்டாகிறது. அதுவும் எனக்குப் பிடித்திருக்கிறது. வாசிக்காத நாளிலும் வீட்டுக்கு வெங்காயம் தேவைப்படுகிறது, தாள் வீணாகவில்லை, யாரும் எதையும் அடைக்க வேண்டியதில்லை.

பள்ளித் தாள் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். வகுப்பாசிரியையிடம் போய்ப் பேசினேன். சண்டை போடத் தயாராகப் போனேன், தேவைப்படவில்லை. நாற்பது பிள்ளைகளின் தாள்களை ஒவ்வொரு திங்கட்கிழமையும் திருத்துவது அவருக்கும் தண்டனையாகத்தான் இருந்திருக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை, வாசித்தவற்றில் இரண்டு மூன்று பெயர் எழுதினால் போதும் என்றார். வெள்ளிக்கிழமை மாலை பெரியவள் காலண்டர் தாள்களைப் புரட்டிப் பெயர்களை எடுத்து எழுதுகிறாள். இப்போது நீளமான பெயர்களும் வருகின்றன. நிமிடங்கள் என்ற கட்டம் மட்டும் காலியாகவே போகிறது, இதுவரை யாரும் கேட்கவில்லை.

இந்த முறையில் மாதத்துக்கு எத்தனை புத்தகம் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. சொல்ல வேண்டுமானால் நூற்றுச் சொச்சம் பின்னட்டைகளைத் திறக்க வேண்டும், ஒரு டப்பா காலண்டர் தாளைக் கொட்ட வேண்டும். ஆனால் ஏதாவது ஒரு புத்தகத்தைப் பற்றிக் கேளுங்கள், நொடியில் சொல்கிறேன். தேர்வு வாரங்களில் பெரியவள் புதிதாக எதையும் எடுப்பதில்லை, ஐந்து வயதில் வாசித்த படப்புத்தகங்களுக்குத் திரும்பிவிடுகிறாள் என்பது சீட்டுகளைப் பார்த்துத்தான் தெரிந்தது. அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய இரவு அவள் கையில் முயல் கதை. முன்பென்றால், இந்த வயதில் இதையா வாசிப்பது என்று பிடுங்கியிருப்பேன்.

போன மாதம் என் மேசையில் கிடந்த ஒரு தடித்த வரலாற்று நூலின் பின்னட்டையில் சீட்டு ஒட்டியிருந்தது. சின்னவனின் வேலை, பசை பக்கவாட்டில் பிதுங்கியிருந்தது. அவனுக்கு இப்போது ஆறு வயது, எழுத்துக்கூட்டி வாசிக்கிறான். சீட்டு பல நாள் காலியாகவே இருந்ததைப் பார்த்துவிட்டு, ஒருநாள் இரவு முத்திரையும் பேடும் எடுத்துக்கொண்டு வந்து நின்றான். "நீ இதை வாசிக்கிறாயா அப்பா, இல்லை வைத்திருக்கிறாயா?" என்று கேட்டான். அடையாள நாடா எங்கே இருக்கிறது என்று புத்தகத்தைத் திறந்து பார்த்தோம். மையைத் தொட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, நேராகக் குத்தினான். பேனாவை என்னிடம் கொடுத்தான். நி 41 என்று எழுதினேன்.